ஐந்து வருட வாரண்டி எதற்கு?

டேபிள் டாப் கிரைண்டர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வாரண்டி கார்டில் பெரும்பாலும் இப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள்:

“இந்த கிரைண்டருக்கு வாங்கிய தேதியிலிருந்து 2 வருட வாரண்டியும், மோட்டாருக்கு 5 வருட வாரண்டியும் வழங்கப்படுகிறது. உற்பத்திக் குறைபாடுகளால் ஏற்படும் பழுதுகள் மட்டுமே இதில் அடங்கும். தவறான உபயோகம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, தண்ணீர் புகுதல், இயற்கைத் தேய்மானம் ஆகியவற்றால் வரும் பழுதுகளுக்கும், கற்கள், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் வாரண்டி பொருந்தாது. முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். வாங்கிய 15 நாட்களுக்குள் கார்டைப் பூர்த்தி செய்து அனுப்பாவிட்டால் வாரண்டி ரத்தாகும். பழுது ஏற்பட்டால் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும். நிறுவனத்தின் முடிவே இறுதியானது. வழக்குகள் கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை.”

எந்தக் கம்பெனியின் கார்டும் அல்ல இது. பல கார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. இதில் எழுத்துப்பிழை இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் படித்தால் புரியவும் செய்கிறது. ஆனால் வாங்கி மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை, அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் கிரைண்டர் சுற்றாமல் ‘உம்’மென்று முனகி நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யக் காசு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கார்டை வைத்துக்கொண்டு வாங்கியவரால் பதில் சொல்ல முடியாது. விற்ற கடைக்காரராலும் முடியாது.

சிறு தொழிற்சாலைகளுக்கு இப்படிப்பட்ட கார்டுகளையும் கையேடுகளையும் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலையில் பேனாவை எடுப்பது கடைசியில்தான். கார்டு மழுப்பலாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும், கம்பெனிக்குள்ளேயே அந்த விஷயம் முடிவாகவில்லை என்பதுதான். முடிவாகாததை எவ்வளவு எளிய தமிழில் எழுதினாலும் தெளிவு வராது. ஆகவே முதலில் செய்வது, முதலாளியையும் சர்வீஸ் மேனேஜரையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடக்கக்கூடிய பழுதுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி “இதற்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்பது.

அந்த முனகலையே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போகிறது, மோட்டார் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர் போயிருக்கும். மோட்டார் கிளம்புவதற்கு உதவும் சின்ன உருளை அது. வாங்கியவரைப் பொறுத்தவரை ஓடாதது மோட்டார், மோட்டாருக்கு ஐந்து வருட வாரண்டி, எனவே இலவசம். கிரைண்டர் செய்யும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “மோட்டார்னா காயிலும் ரோட்டரும்தானுங்க. கப்பாசிட்டர் தனி ஐட்டம்” என்றார். “அப்ப பியரிங்குங்க?” என்றேன். அவர் “அது ரெண்டு வருசம்தான்” என்று சொல்லி முடிப்பதற்குள், பக்கத்திலிருந்த சர்வீஸ்காரர், “இல்லீங்கண்ணா, மோட்டாரோட சேந்து வந்தா நம்ம ஃப்ரீயாத்தான் மாத்திட்டு இருக்கோம்” என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு வாரண்டியும் பட்டறையில் ஒரு வாரண்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்து கூலி. ‘மோட்டாருக்கு 5 வருடம்’ என்றால் மோட்டாரைப் புதிதாக மாற்றித் தருவார்களா, காயிலை மறுபடி சுற்றித் தருவார்களா? சுற்றுக்கூலியும் கழற்றி மாட்டும் கூலியும் யார் தலையில்? ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, மூன்றாம் வருடத்திலிருந்து சர்வீஸ் சார்ஜ் வாங்குவது பரவலாக நடப்பதுதான். அது தவறு என்று நான் சொல்லவில்லை. விலைக்கேற்ற வாக்குறுதியைத்தான் ஒருவர் தர முடியும். ஆனால் அது கார்டில் இருக்க வேண்டும். பேசி முடித்தபின் அந்த ஒரு வரி இப்படி விரிந்தது:

“மோட்டாரின் காயில் அல்லது ரோட்டர் பழுதானால் 5 வருடம் வரை நாங்கள் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம். முதல் 2 வருடம் பாகமும் கூலியும் இலவசம். மூன்றாம் வருடத்திலிருந்து பாகம் இலவசம். கூலி நீங்கள் தர வேண்டும். அது எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்வோம். கப்பாசிட்டர், பியரிங், பெல்ட், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றுக்கு 2 வருடம். அந்த 2 வருடமும் கூலி இல்லை.”

பழையதைவிட இது நீளம். வாரண்டியைச் சுருக்கினால்தான் எளிமை என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாகங்களின் பெயரைச் சொன்னால் நாலு வரி கூடும்; சொல்லாவிட்டால் தகராறு கூடும். ‘வழங்கப்படுகிறது’, ‘பொருந்தாது’ என்ற ஆளில்லாத வினைகள் போய், ‘நாங்கள்’ ‘நீங்கள்’ வந்திருப்பதையும் கவனியுங்கள். யார் செய்வது, யார் கொடுப்பது என்று எழுதத் தொடங்கியதும் கூலிப் பிரச்சினை தானாக வெளியே வந்துவிட்டது. செய்பவர் இல்லாத வாக்கியத்தில் அது ஒளிந்துகொண்டிருந்தது.

கார்டைத் திருத்தினால் போதாது, பெட்டியையும் திருத்த வேண்டும். பெட்டியின் மேல் ‘5 வருட வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே காயிலுக்கு மட்டும் என்று எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் ஆயுளைப் பற்றி முறையான சோதனை இல்லாமல் வாரண்டி தருவதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சோதனை செய்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் தயாரிப்பவருடையது. பெட்டியில் ‘மோட்டார் காயிலுக்கு 5 வருடம், மற்ற பாகங்களுக்கு 2 வருடம்’ என்று போடச் சொன்னால் விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். அந்தச் சண்டையைத் தவிர்க்க வழியில்லை. எனக்குத் தெரிந்து எழுத்தின் அளவில் ஒரு சமரசம் செய்துதான் முடிப்பார்கள்.

சரி, எத்தனை நாளைக்கு? ‘வாங்கிய தேதியிலிருந்து’ என்பது கறாராகத்தான் தெரிகிறது. நம் ஊரில் கிரைண்டர் எப்படி வாங்கப்படுகிறது என்று யோசித்தால் அதில் ஓட்டை தெரியும். கிரைண்டர் ஒரு சீர்வரிசைப் பொருள். தை மாதக் கல்யாணத்துக்குத் தீபாவளித் தள்ளுபடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பில் பெண்ணின் அப்பா பெயரில், மதுரைக் கடையில். மாவரைப்பது மகள், ஓசூரில். பெட்டியைப் பிரிப்பதற்குள் சில மாதங்கள் கழிந்திருக்கும். அந்தக் கார்டின்படி வாரண்டி மதுரைக் கடையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ‘முதலில் வாங்கியவருக்கு மட்டும்’ என்பதால் மகளுக்கு அது செல்லாது. 15 நாளுக்குள் அனுப்ப வேண்டிய கார்டு, பிரிக்காத பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆக, மூன்று வரிகள் சேர்ந்து, பரிசாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு கிரைண்டரையும் வாரண்டிக்கு வெளியே தள்ளிவிட்டன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். வேறொரு பொருளின் கார்டிலிருந்து நகலெடுத்த வரிகளாக இருக்கும்.

இதை எடுத்துச் சொன்னதும் முதலாளிகள் பெரும்பாலும் உடனே ஒப்புக்கொள்கிறார்கள், ஏனென்றால் சீர் வியாபாரம்தான் அவர்கள் வியாபாரம். ‘முதலில் வாங்கியவர்’ போய், ‘பில்லை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும்’ என்று வரும். 15 நாள் நிபந்தனைக்கு மட்டும் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர்களின் போன் நம்பர் கிடைக்கும் என்பதற்காக வைத்திருப்பார்கள். நம்பர் வேண்டுமென்றால் கேட்கலாம். கொடுக்காததற்குத் தண்டனையாக வாரண்டியைப் பறிக்க வேண்டியதில்லை. தேதிக்குத்தான் இரண்டு வழிகள்: பில் தேதியையே வைத்துக்கொள்வது, அல்லது பில் தேதியோடு சில மாதங்களைச் சேர்த்துத் தருவது. ‘முதலில் பயன்படுத்திய நாள்’ என்று வைத்தால் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. பில் தேதியே இருக்கட்டும் என்று முடிவானால், எழுதும்போது ஓர் உதாரணத்தையும் சேர்த்துவிடுவேன்:

“2 வருடம் என்பது பில் தேதியிலிருந்து. பில் 10 ஜூன் 2025 என்றால், 10 ஜூன் 2027 மாலை வரை வரும் புகார்கள் வாரண்டியில் சேரும். அன்றைக்குள் நீங்கள் புகார் சொல்லியிருந்தால் போதும். வேலை முடிவது பிறகானாலும் இலவசம்தான். பாகம் மாற்றினால் புதிய பாகத்துக்கும் அதே கடைசித் தேதிதான். 2 வருடம் மறுபடி தொடங்காது.”

இரண்டு வருடம் 9-ஆம் தேதியோடு முடிகிறதா 10-ஆம் தேதியோடு முடிகிறதா என்று வாதாடும் வக்கீல் எங்காவது இருப்பார். உதாரணம் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அடுத்த இரண்டு வாக்கியங்கள் இன்னும் முக்கியம். புகார் கொடுத்தபோது வாரண்டி இருந்தது, பாகம் வந்தபோது முடிந்துவிட்டது என்ற கதையை சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும் யாரிடமும் கேட்கலாம்.

இனி, எதற்கு வாரண்டி கிடையாது என்ற பட்டியல். கார்டுகளில் மிக அலட்சியமாக எழுதப்படுவது இதுதான், மிக அதிகமாகச் சண்டை வருவதும் இதனால்தான். ‘தண்ணீர் புகுதல்’ என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். கிரைண்டர் தண்ணீரோடு வேலை செய்யும் இயந்திரம். மோட்டாருக்குத் தண்ணீர் இரண்டு விதமாகப் போகலாம். ஒருவர் பாத்திரத்தைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தையே குழாயடியில் பிடித்துக் கழுவுகிறார். அது அவர் தவறு. இன்னொருவர் எதுவும் செய்யவில்லை. பாத்திரம் நடுத்தண்டில் உட்காரும் இடத்தில் பொருத்தம் சரியில்லாமல், ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசிந்து பியரிங்கில் இறங்குகிறது. அது கம்பெனியின் தவறு. பழைய கார்டு இரண்டையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்கிறது. உற்பத்திக் குறைபாட்டைச் சரிசெய்வோம் என்று இரண்டாம் வாக்கியத்தில் சொன்னதை, மூன்றாம் வாக்கியத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பட்டியல் விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தது ஒரு விளைவு. அடிப்பாகத்தைக் கழுவியது ஒரு செயல். வாங்கியவர் செய்யாமல் தவிர்க்கக்கூடிய செயலைத்தான் இந்தப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி. “அடிப்பாகத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்தாலோ குழாயடியில் கழுவினாலோ அதனால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை. பாத்திரத்தின் நடுவே கசிந்து இறங்கினால் வாரண்டி உண்டு, கசிவதைப் பார்த்ததும் அரைப்பதை நிறுத்திவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்” என்று எழுதலாம். பட்டறையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பொதுவாக முடிகிற காரியம்தான். கசிவு என்றால் காய்ந்த மாவுத் தடம் நடுத்தண்டை ஒட்டி மேலிருந்து இறங்கியிருக்கும். கழுவியது என்றால் அடித்தகட்டிலும் திருகுகளிலும் துரு பரவலாக இருக்கும். இரண்டும் கலந்திருக்கும் சில உருப்படிகளும் வரும். அவற்றில் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதுதான்.

அதே விதியை மற்றவற்றுக்கும் வைத்தால் பட்டியல் இளைத்துவிடும். ‘தவறான உபயோகம்’ என்பது, இந்த இயந்திரத்தில், உண்மையில் என்னென்ன? குறித்த அளவுக்கு மேல் போட்டு அரைப்பது, தண்ணீரில்லாமல் மஞ்சளையும் மிளகாயையும் போட்டு அரைப்பது, கடையிலோ மெஸ்ஸிலோ வைத்து நாள் முழுக்க ஓட்டுவது. பெயர் சொல்லக்கூடிய செயல்கள் ஐந்தோ ஆறோதான், சொல்லிவிட்டால் போயிற்று. அளவு என்று சொல்லும்போதும், ‘அளவுக்கு மீறி’ என்று எழுதாமல் ஊறவைத்த அரிசி எவ்வளவு, உலர் அரிசி எவ்வளவு என்று படியிலோ கிலோவிலோ சொல்ல வேண்டும். லிட்டர் கணக்கு பாத்திரத்தின் கொள்ளளவா, போட வேண்டிய அரிசியா என்று வாங்குபவருக்குத் தெரியாது. ‘மின்னழுத்த ஏற்றத்தாழ்வு’ செயலே அல்ல. வீட்டிலிருப்பவர் அதை உண்டாக்குவதில்லை, அது வந்ததா என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. அதை எடுத்துவிட்டால் எரிந்த காயில்களையெல்லாம் கம்பெனி ஏற்க வேண்டிவரும். ஏற்க முடியுமா என்பது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில். முடியாது என்றால் ஸ்டெபிலைசர் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே சொல்லிவிட்டு விற்கட்டும்.

கற்களைப் பற்றிய வரிக்கும் ஒரு கேள்வி உண்டு. குழவி தேய்வது இயல்பு. கீழே போட்டு உடைத்தால் நம் பொறுப்பு. ஆனால் பெட்டியைத் திறக்கும்போதே விரிசல் விட்டிருந்தால்? அதற்கென்று தனி வரி வேண்டும்: “பிரிக்கும்போதே கல்லில் விரிசல் இருந்தால், 7 நாட்களுக்குள் போட்டோ அனுப்பினால் மாற்றித் தருவோம்.” சீர் கிரைண்டருக்கு அந்த 7 நாள் எப்போதிலிருந்து என்ற கேள்வி திரும்பவும் வரும். வாங்கிய கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள் என்று பெட்டியின் மேல் ஒட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எப்படிக் கேட்டு வாங்குவது என்பதற்குப் பழைய கார்டு கொடுத்திருப்பது ஒரே வாக்கியம்: அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும். எது அருகில், யார் அங்கீகரித்தது, போன் நம்பர் என்ன, எதுவும் இல்லை. பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் கல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் எங்கே போவது என்பதுதான் வீட்டில் முதலில் எழும் கேள்வி. அதனால் இந்தப் பகுதியை நடக்கும் வரிசையிலேயே எழுத வேண்டும். முதலில் போன் அல்லது வாட்ஸ்அப். சொல்ல வேண்டியவை கிரைண்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், பில்லின் போட்டோ, பழுது என்ன என்பது. பதிலுக்கு ஒரு புகார் எண் வரும். அது வந்தால்தான் புகார் பதிவானதாகக் கணக்கு. பிறகு, ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது கொண்டுபோக வேண்டுமா. கொண்டுபோனால் வண்டிச் செலவு யாருடையது. எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும். அதற்குள் முடியாவிட்டால் என்ன கிடைக்கும். கடைசி இரண்டும் இல்லாத கார்டு என்னைப் பொறுத்தவரை முடிக்கப்படாத கார்டு. “30 நாட்களுக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் அதே மாடலில் வேறு கிரைண்டர் தருவோம்” என்று எழுதுவதற்கு முதலாளிக்கு மனம் வராது. 45 என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். ஓர் எண் இருக்க வேண்டும்.

பில்லில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இப்போது பல கடைகளில் தருவது வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். வெயிலும் சமையலறைச் சூடும் பட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும். ஐந்து வருட வாரண்டிக்கு ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான் என்றால் வாரண்டிக்கு முன்னால் ஆதாரம் அழிந்துவிடும். எனவே “பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; போட்டோ போதும், தாள் வேண்டாம்” என்ற வரி கார்டின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். பில்லே இல்லாதவருக்கு, சீரியல் நம்பரிலுள்ள தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்கிட்டுத் தரலாம். சில கம்பெனிகள் நடைமுறையில் அப்படிச் செய்கின்றன, கார்டில்தான் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இந்த விஷயங்களை எழுதுபவரின் விருப்பத்துக்கு விடவில்லை. 1975-இல் நடைமுறைக்கு வந்த மாக்னசன்–மாஸ் வாரண்டி சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 15 டாலருக்கு மேல் விலையுள்ள நுகர்வோர் பொருளுக்கு எழுத்தில் வாரண்டி தந்தால் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகின்றன: எந்தப் பாகங்கள் சேரும், எவை சேராது, பழுதானால் கம்பெனி என்ன செய்யும், எந்தச் செலவை ஏற்கும், எப்போது தொடங்கி எவ்வளவு காலம், வாங்கியவர் படிப்படியாக என்ன செய்ய வேண்டும். இவையெல்லாம் ஒரே தாளில், எளிதில் புரியும் நடையில் இருக்க வேண்டும். நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் திருத்தி முடித்த கார்டைச் சரிபார்க்க அந்தப் பட்டியலை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வதுண்டு.

மிச்சமிருப்பவை அந்தக் கடைசி இரண்டு வரிகள். ‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்று எழுதினாலும் அது இறுதியாகாது. வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை ஒரு கார்டு தடுக்க முடியாது. கோவை நீதிமன்ற எல்லையும் அப்படித்தான். 2019 சட்டத்தின்படி, புகார்தாரர் தான் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இந்த வரிகள் யாரையும் கட்டுப்படுத்தாமல், விவரம் தெரியாதவரை மட்டும் பயமுறுத்தி நிறுத்துகின்றன. அவற்றை எடுத்துவிட்டு, “எங்கள் முடிவு உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால்” என்று தொடங்கி, கம்பெனியில் மேலே யாரிடம் பேசலாம் என்பதையும், அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் போடச் சொன்னேன். அந்த எண்ணைக் கண்டதும் அந்த முதலாளி, “நாமளே வழி சொல்லிக் குடுக்கறதுங்களா?” என்று கேட்டார். மேலாளர் நம்பரை மட்டும் போட ஒப்புக்கொண்டார். 1915 வரவில்லை. எடிட்டருக்கு எல்லா வரியும் கிடைப்பதில்லை.

எழுதி முடித்ததும், கிரைண்டரைப் பற்றி எதுவும் தெரியாத சிலரிடமும் கடையில் விற்கும் பையனிடமும் கார்டைக் கொடுத்துச் சில சம்பவங்களைச் சொல்வேன். பில் போன வருடம் மார்ச்சில், பெல்ட் அறுந்துவிட்டது. நாலாம் வருடம், காயில் எரிந்த வாசனை. அத்தை கொடுத்த கிரைண்டர், சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: இலவசமா? கடைசித் தேதி எது? முதலில் என்ன செய்வீர்கள்? ‘புரிகிறதா’ என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் மரியாதைக்குப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். இருவர் இரண்டு பதில் சொன்னால் அந்த வரி திரும்ப மேஜைக்கு வருகிறது. பெரும்பாலும் திரும்பி வருவது மூன்றாம் வருடத்துக் கூலி. ‘பாகம் இலவசம்’ என்று படித்ததுமே பாதிப்பேர் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அதனால் அந்த இடத்தை மட்டும் வாக்கியமாக வைக்காமல் சிறிய கட்டமாகப் போட வேண்டியிருந்தது: இடப்பக்கம் பாகம், பக்கத்தில் 1–2 வருடம், 3–5 வருடம், ஒவ்வொன்றிலும் யார் என்ன கொடுப்பது.

புதிய கார்டு அச்சானபின் பழைய கார்டுகள் கட்டுக்கட்டாக கோடவுனில் இருக்கும், கடைகளில் பிரிக்காத பெட்டிகளுக்குள்ளும் இருக்கும். இரண்டு வாரண்டிகள் ஒரே மாடலுக்கு ஒரே நேரத்தில் சந்தையில் ஓடும். அதற்காகப் புதிய கார்டின் அடியில் பதிப்பு மாதத்தைப் போட்டு, இந்த மாதத்துக்கு முன் தயாரான கிரைண்டர்களுக்கும் இதே விதிகள்தான் என்று ஒரு வரி சேர்த்தோம். பழைய கார்டோடு வருபவருக்குப் பழையதில் எது கூடுதல் சாதகமோ அதைத் தருவது என்று முடிவு. முதல் சில மாதங்கள் சர்வீஸ் மேஜையில் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள்.